பிறந்த தேதி எல்லாம் நான்கு வருடம் பின்னால் போய்விட்டது: எக்செல் உதவி தேவை

செல்வி_அலுவலகம்

வணக்கம். பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் நிர்வாகத்தின் இன்னொரு பள்ளியிலிருந்து சேர்க்கைப் பட்டியலை எக்செல் கோப்பாக அனுப்பியிருந்தார்கள். அதிலிருந்து வரிகளை காப்பி செய்து எங்கள் மொத்தப் பட்டியலில் ஒட்டினேன். அங்கே 12-03-2018 என்று இருக்கும் குழந்தைக்கு இங்கே 11-03-2014 என்று வருகிறது. ஒட்டிய எல்லா வரியும் இப்படித்தான். எங்கள் பழைய வரிகள் சரியாகவே இருக்கின்றன. அவர்கள் கோப்பைத் தனியாகத் திறந்தால் அதிலும் தேதி சரி. இந்தப் பட்டியலை வைத்துத்தான் சான்றிதழ் அச்சடிப்போம், அதனால் ஒரு நாள் கூடத் தவறக் கூடாது.

முத்து_கடலூர்

கண்ட்ரோல் பேனலில் Region போய் dd-MM-yyyy வைத்துப் பாருங்கள். எனக்கும் தேதி மாறி மாறி வந்தது, அதில்தான் சரியானது.

செல்வி_அலுவலகம்

நாளும் மாதமும் இடம் மாறவில்லை அண்ணா. வருடமே மாறியிருக்கிறது, கூடவே ஒரு நாளும் குறைகிறது.

தினேஷ்_எக்செல்

இது 1904 பிரச்சினை. File > Options > Advanced போய், கீழே When calculating this workbook என்ற பகுதியில் Use 1904 date system டிக் பண்ணுங்கள். முடிந்தது.

கணக்கர்_வேலு

செல்வி, அந்த டிக்கைத் தொட வேண்டாம். தினேஷ் தம்பி சொன்ன காரணம் சரி, ஆனால் மருந்து இந்தக் கோப்புக்குப் பொருந்தாது. அது கோப்பு முழுவதற்கும் ஒரே அமைப்பு. டிக் பண்ணினால் ஒட்டிய வரிகள் சரியாகும், இதுவரை சரியாக இருந்த உங்கள் வரிகள் நான்கு வருடம் ஒரு நாள் முன்னால் ஓடிவிடும்.

எக்செல் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை, நாள் எண்ணிக்கையாக வைத்துக்கொள்கிறது. உங்கள் கோப்பு 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணுவதால் அதில் 12-03-2018 என்பது 43171. அவர்கள் கோப்பு 1904 ஜனவரி 1-ஐப் பூஜ்யமாக வைத்து எண்ணுவதால் அதே தேதி அங்கே 41709. ஒட்டும்போது எண் மட்டும்தான் வருகிறது. 41709-ஐ உங்கள் கோப்பு தன் கணக்கில் படித்தால் 11-03-2014. வித்தியாசம் எப்போதும் 1462.

சந்தேகம் இருந்தால் இரண்டு கோப்பிலும் ஒரு காலி செல்லில் இதைப் போட்டு, செல்லின் வடிவத்தை General ஆக்கிப் பாருங்கள்:

```
=DATE(2018,3,12)
```

ஒன்றில் 43171, மற்றதில் 41709 வந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

செல்வி_அலுவலகம்

அப்படியே வந்தது சார்! ஆனால் அவர்களும் விண்டோஸ்தான் வைத்திருக்கிறார்கள். இது மேக் கணினியில்தான் வரும் என்று எங்கோ படித்தேனே?

கணக்கர்_வேலு

மேக்கில் 2008 பதிப்பு வரை புதுக் கோப்பு 1904 கணக்கில்தான் பிறக்கும். 2011 முதல் அங்கும் 1900தான். ஆனால் அந்த அமைப்பு கோப்போடு சேர்ந்தே போகும். என்றோ ஒரு மேக்கில் உருவான பட்டியலை வருடா வருடம் Save As செய்து பெயர் மாற்றி வந்திருந்தால், இன்று எந்தக் கணினியில் திறந்தாலும் அது 1904தான்.

ஷிப்ட்_ராஜா

விண்டோஸிலும் வரும். எங்கள் ஆலையில் ஓவர்டைம் கணக்கு மைனஸில் போனால் நேரம் ##### என்று வரும். 1904 டிக் போட்டால் மைனஸ் நேரம் தெரியும் என்பதால் நான் போட்டு வைத்திருக்கிறேன். அதை எடுக்காமல் வேறு வழி இருக்கிறதா?

கணக்கர்_வேலு

ராஜா, அந்தக் கோப்பிலிருந்து தேதிகளை வேறு கோப்புக்குக் கொண்டு போகாதவரை அப்படியே இருக்கட்டும். மைனஸ் நேரத்துக்கு வேறு வழி வேண்டுமென்றால் தனி இழை போடுங்கள், இங்கே கலந்துவிடும்.

தினேஷ்_எக்செல்

டிக் வேண்டாம் என்றால் பக்கத்து Column-ல் `=EDATE(D2,48)` போடலாமே? நான்கு வருடம்தானே குறைகிறது.

கணக்கர்_வேலு

அங்கேதான் ஆபத்து. EDATE போட்டால் 11-03-2018 வரும். வருடம் சரியாகிவிட்டதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஒரு நாள் தவறான பிறந்த தேதி சான்றிதழில் ஏறிவிடும். ஜூன் 1-ல் பிறந்த பிள்ளைக்கு மே 31 என்று வரும்.

நான்கு வருடம் என்றால் 1461 நாள்தான், பிறகு 1462 எங்கிருந்து வந்தது என்றால்: 1900 ஜனவரி 1-லிருந்து 1904 ஜனவரி 1 வரை உண்மையில் 1460 நாள், ஏனென்றால் 1900 லீப் வருடம் இல்லை. ஆனால் 1900 கணக்கில் இல்லாத பிப்ரவரி 29, 1900 என்ற ஒரு நாளும் எண்ணப்படுகிறது. லோட்டஸ் 1-2-3-ல் இருந்த பிழை அது, அதோடு பொருந்திப் போக வேண்டும் என்று எக்செல்லும் வைத்துக்கொண்டது. அப்புறம் ஒரு கணக்கு 1-ல் தொடங்குகிறது, மற்றது 0-வில். ஆக இரண்டு நாள் கூடுகிறது. அதனால் வருடத்தைக் கூட்டாதீர்கள், 1462-ஐக் கூட்டுங்கள்.

செய்முறை: முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபில்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு காலி செல்லில் 1462 அடித்து காப்பி செய்யுங்கள். ஒட்டிய வரிகளின் பிறந்த தேதி செல்களை மட்டும் தேர்ந்தெடுத்து, Paste Special-ல் Values, Add இரண்டையும் குறித்து OK. தேதி இல்லாத காலி செல்லைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதில் 01-01-1904 என்று முளைக்கும், அதைப் பார்த்து அழித்துவிடலாம். வயது Column-ல் ஃபார்முலா இருந்தால் அதில் கை வைக்க வேண்டாம், தேதி சரியானால் அதுவும் சரியாகும்.

செல்வி_அலுவலகம்

ஒரு சிக்கல் சார். எனக்கு முன்பே வேறொருவர் சில வரிகளில் வருடத்தை மட்டும் கையால் மாற்றியிருக்கிறார். எந்த வரி என்று குறித்து வைக்கவில்லை. மொத்தமாகக் கூட்டினால் அவை கெட்டுப் போகுமே?

கணக்கர்_வேலு

கெட்டுப் போகும். ஒட்டிய செல்லில் இருக்கும் எண்ணைப் பார்த்து எது நகர்ந்தது, எது திருத்தியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. மூலக் கோப்போடு ஒப்பிடுவதுதான் வழி. தேதியைத் தேதியாகக் கொண்டு வந்தால் மறுபடி நகரும், ஆகவே எழுத்தாக்கிக் கொண்டு வாருங்கள். மூலக் கோப்பில் பிறந்த தேதி C Column-ல் இருந்தால் பக்கத்தில்:

```
=TEXT(C2,"yyyy-mm-dd")
```

உங்கள் கோப்பில் மூலம் என்று ஒரு புது ஷீட் சேர்த்து, A-யில் சேர்க்கை எண்ணையும் B-யில் இந்த எழுத்துத் தேதியையும் Values ஆக ஒட்டுங்கள். பிறகு பட்டியலில் A சேர்க்கை எண், D பிறந்த தேதி என்றால்:

```
=DATEVALUE(VLOOKUP(A2,'மூலம்'!A:B,2,FALSE))-D2
```

விடை செல்லை General ஆக்குங்கள். 0 வந்தால் சரி. 1462 வந்தால் நகர்ந்தது. 1 வந்தால் உங்கள் முன்னவர் வருடத்தை மட்டும் மாற்றிய வரி. 1462 வரிகளை ஃபில்டர் செய்து அதிலேயே ஒட்ட முயலாதீர்கள். விடையை Values ஆக்கி, அதன்படி வரிசைப்படுத்தினால் அவை ஒரே தொகுப்பாக வந்துவிடும், அதில் கூட்டுங்கள். 1 வரும் வரிகளுக்கு 1 கூட்டினால் போதும்.

தினேஷ்_எக்செல்

இந்த எழுத்தாக்கும் வழி நன்றாக இருக்கிறது. அடுத்த முறை கோப்பு வந்தால் ஆரம்பத்திலேயே இப்படிச் செய்யலாமே.

செல்வி_அலுவலகம்

செய்து பார்த்தேன். பெரும்பாலும் 1462, நடுவில் சில 1, நீங்கள் சொன்னபடியே சரி செய்துவிட்டேன். மிக்க நன்றி சார். ஆனால் சில வரிகளில் 30, 365 என்றெல்லாம் வருகிறது. இன்னும் சிலவற்றில் #N/A.

கணக்கர்_வேலு

30, 365 எல்லாம் 1904 செய்த வேலை இல்லை. இரண்டு பள்ளியில் ஒருவர் தவறாக அடித்திருக்கிறார், பிறப்புச் சான்றிதழை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். #N/A என்றால் அந்தச் சேர்க்கை எண் மூலத்தில் இல்லை. நேரடியாக உங்கள் கோப்பிலேயே அடித்த வரி என்றால் பயமில்லை.

செல்வி_அலுவலகம்

அவை மின்னஞ்சலில் தனியாக வந்த சின்னக் கோப்பிலிருந்து ஒட்டியவையாக இருக்கலாம். அந்தக் கோப்பு இப்போது யாரிடமும் இல்லை. கேட்டுப் பார்க்கிறேன்.

கணக்கர்_வேலு

கிடைக்கும்வரை அந்த வரிகளுக்கு நிறம் கொடுத்து வையுங்கள், எதையும் கூட்ட வேண்டாம். அந்தப் பெயர்களுக்குச் சான்றிதழ் அச்சடிப்பதையும் நிறுத்தி வையுங்கள்.