இரண்டு வரிசையை வேகமாக இணைக்க எந்த ஹீப்?

வணக்கம். காட்பாடியில் மாணவர்களுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர் நடத்துகிறேன். அடுத்த பயிற்சி மருத்துவமனை டோக்கன்: ஒரு கவுண்டரை மூடினால் அதன் வரிசை பக்கத்து வரிசையோடு சேரணும், சின்ன எண்ணுக்கு முதலிடம்.

பைனரி ஹீப் என்றால் இரண்டு அரேயையும் ஒட்டி மறுபடி ஹீப் ஆக்கணும், O(n). பைனாமியல் ஹீப்பில் இது இருமக் கூட்டல்தான்: 5 பேரும் (101) 3 பேரும் (011) சேர்ந்தால் 1000, அதாவது 8 கணுக்கள் கொண்ட ஒரே மரம்.

லெஃப்டிஸ்ட் ஹீப் வலது ஓரமாக மட்டும் இறங்கி O(log n)-ல் இணைக்கிறது. எழுதவும் சுலபம், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் எண்களை இறங்குவரிசையில் போட்டால் இடப்பக்கம் n ஆழத்துக்கு நீண்டுவிடும். அப்புறம் அவசர நோயாளி ஒருவரின் எண்ணைக் குறைத்து மேலே ஏற்றுவது O(n). பைனாமியலில் ஆழமே log n-ஐத் தாண்டாது.

லெஃப்டிஸ்ட்டிலேயே, எண் குறைந்த கணுவின் கிளையை வெட்டி வேரோடு இணைத்து, வெட்டிய இடத்துக்கு மேலே `npl` மதிப்புகளைத் திருத்தலாம் என்று நினைக்கிறேன். யாராவது இப்படி எழுதியிருக்கிறீர்களா? திருத்திக்கொண்டே போவதை எந்தக் கணுவில் நிறுத்தலாம்?