சாலைப் பள்ளத்தில் விழுந்தேன்: புகார் மனுவுக்கு உதவி வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். அக்டோபர் 14, செவ்வாய் இரவு 8.15 மணிக்கு, எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்து உழவர் சந்தைக்குத் திரும்பும் முனையில் ஸ்கூட்டரோடு பள்ளத்தில் விழுந்தேன். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி, வெறும் மண்ணால் மூடிய இடம் அது. மழைநீர் தேங்கி நின்றதால் ஆழம் தெரியவில்லை. தெருவிளக்கும் எரியவில்லை. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, முழங்காலில் நான்கு தையல். மறுநாள் தம்பி அளந்து படம் எடுத்தான்: மூன்றடி நீளம், அரையடி ஆழம். அதே பள்ளத்தில் இன்னொருவர் விழுவதற்குள் மூடச்செய்ய வேண்டும் என்ற பதற்றம் எனக்கு.

நகராட்சி ஆணையருக்கு மனு எழுதிவிட்டேன். நாள், நேரம், அருகிலுள்ள மின்கம்பத்தின் எண், காயங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலையும் எக்ஸ்ரேயையும் இணைக்கிறேன். அசல்களைக் கொடுக்கப்போவதில்லை.

என் சிக்கல் இதுதான். அந்தச் சாலை நகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று தெரியவில்லை. தவறான அலுவலகத்துக்குப் போனால் "எங்களுடையது அல்ல" என்று மனு திரும்பிவிடும். இதை எங்கே உறுதிசெய்வது? இருவருக்கும் ஒரே மனுவை ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பலாமா? குழாய்க்குத் தோண்டிய ஒப்பந்ததாரர் யார் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெற்றவர்கள், கேள்வியை எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.