புதுப்பிப்பு: காற்றில் சாய்ந்த தென்னை, எடுபடாத 'கடவுள் செயல்'

என் பழைய கேள்வி: "பாலக்காடு சித்தூர் பக்கம். அடுத்த தோட்டத்துத் தென்னை மழைக்காற்றில் எங்கள் ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்துவிட்டது. கடவுள் செயலுக்கு நான் பொறுப்பா என்கிறார். நஷ்டஈடு கேட்க முடியுமா?"

உதவியவர்களுக்கு நன்றி. பணம் வந்தது, முழுசாக இல்லை.

வக்கீல் அண்ணன் சொன்னதுதான் பலித்தது: காற்றை விடுங்கள், மரத்தைப் பாருங்கள். அடிமரத்தைக் கூன்வண்டு துளைத்திருந்தது. தொட்டாலே பொடி உதிர்ந்தது. அகற்றுவதற்குள் படமெடுத்தேன். இரண்டு மாதம் முன்பே அவருக்கு அனுப்பிய பதிவுத் தபாலின் ரசீதும் இருந்தது. தெரிந்தும் வெட்டவில்லை என்றாகிவிட்டது.

மழை அளவு வாங்கச் சொன்னவர் பாதி சரி. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவத்தில் அது வழக்கமான மழைதான் என்று காட்ட உதவியது. 2.66 அங்குல மழையில் சுவர் விழுந்ததைக் கடவுள் செயல் இல்லை என்ற 1958 கல்லுலால் தீர்ப்பையும் வக்கீல் எடுத்துவைத்தார். ஆனால் மரம் திடமாக இருந்திருந்தால் மழைக்கணக்கு மட்டும் போதாதாம்.

வெள்ளத்தில் போன மாட்டைப் பற்றிக் கேட்டவருக்கு: அது தாலுகா ஆபீஸ் நிவாரணம், வேறு வழி.

எதிர்பாராதது, ஓடு பழசு என்று தேய்மானம் கழித்தார்கள். சமரசத்தில் 38,000 ரூபாய். சுவர் விரிசல் மரத்தாலா, முன்பே இருந்ததா என்பது இன்னும் இழுபறி.