வன்டு, மீன்டும், கன்ரின்: மூன்றாம் வகுப்பு டிக்டேஷனில் நான் மதிப்பெண் போடும் விதம்

கரிசல் டீச்சர்

மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பல வருடமாக பாடப் புத்தகத்திலிருந்து ஏதாவது ஒரு பத்தியை எடுத்து டிக்டேஷன் போட்டு, தப்பான சொல்லைச் சிவப்பு மையில் சுழித்து, ஐந்து ஐந்து முறை எழுதி வரச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். அதே பிள்ளைகள் அடுத்த வாரமும் அதே தப்பைத்தான் எழுதினார்கள். ஒரு பத்தியிலேயே ல ள ழ, ர ற, ண ன, ஒற்று எல்லாம் கலந்து கிடக்கும். அதில் பிள்ளைக்கு எது வரவில்லை என்று எனக்கே பிடிபடாது.

போன வருடத்திலிருந்து பத்தியை நானே எழுதுகிறேன். ஒரு பத்திக்கு ஒரே சிக்கல்தான். முதலில் குறில் நெடில், பிறகு க்க, ட்ட, ப்ப மாதிரி இரட்டிப்பவை, அதன் பின் ங்க, ஞ்ச, ம்ப, அப்புறம்தான் ண்ட, ந்த, ன்ற மூன்றும் சேர்ந்து. ர ற-வும் ல ள ழ-வும் கடைசி. இந்த வரிசையில் ண்ட, ந்த, ன்ற பத்தி எனக்கு முதல் தடவை சொதப்பியது, அதைச் சொல்கிறேன்.

முதலில் எழுதிய பத்தியில் "வண்டு பறந்து வந்து அமர்ந்தது" என்று ஒரு வரி இருந்தது. பாதி வகுப்பு "பரந்து" என்று எழுதியது. அது ர ற தப்பு, நான் இன்னும் அதற்கு வரவே இல்லை. "அமர்ந்தது" என்பதில் ர், ந் என்று இரண்டு புள்ளி அடுத்தடுத்து வருவதால் "அமந்தது", "அமர்தது" என்றெல்லாம் வந்தது. அதனால் இப்போது எனக்கு ஒரு வழக்கம். சந்தேகம் வந்தால் பிள்ளைகள் சாதாரண ல, சாதாரண ர, ரெண்டு சுழி ன இவற்றைத்தான் போடுவார்கள். அன்றைய சிக்கலைத் தவிர மற்ற சொற்களில் அந்த எழுத்தே சரியாக வருகிற மாதிரி பார்த்துக்கொள்வேன். திருத்திய பத்தி இது:

"கன்று ஒன்று தோப்பில் நின்றது. வண்டு ஒன்று விரைந்து வந்தது. கன்றின் கொம்பை உரசியது. கன்று தலையை ஆட்டியது. வண்டு மீண்டும் வந்தது."

மொத்தம் 17 சொல், அதில் 12 சொல்லில் அன்றைய சிக்கல் இருக்கிறது. மதிப்பெண் அந்த 12-க்கு மட்டும். முழுப் பத்தியை ஒரு தடவை சாதாரண வேகத்தில் வாசிப்பேன், பிறகு மூன்று நான்கு சொல்லாக எழுத வைப்பேன், கடைசியில் மறுபடி முழுதாக வாசிப்பேன். அது முடிந்ததும் இரண்டு நிமிடம். ரப்பர் கிடையாது. எந்தச் சொல் சந்தேகமோ அதன் கீழே பென்சிலால் கோடு போட வேண்டும், அதிகபட்சம் மூன்று கோடு.

ஒரு பையன் எழுதியது அப்படியே: "கன்று ஒன்று தோப்பில் நின்றது. வன்டு ஒன்று விரைந்து வந்தது. கன்ரின் கொம்பை உரசியது. கன்று தலையை ஆட்டியது. வன்டு மீன்டும் வந்தது." கன்ரின், இரண்டாவது வன்டு, இரண்டின் கீழும் கோடு போட்டிருந்தான்.

நாலு தப்பு, ஆக 12-க்கு 8. ஆனால் தப்பான சொல்லைத் தானே கண்டுபிடித்துக் கோடு போட்டால் அதற்கு அரை மதிப்பெண் திரும்பக் கிடைக்கும். அவனுக்கு இரண்டு அரை, ஆக 9. அடுத்த நாள் தப்பிய சொற்களைப் புது வாக்கியத்தில் சொல்லுவேன், சரியாக எழுதினால் இன்னொரு அரை. கன்றின், வண்டு சரியாக எழுதினான், மீண்டும் என்பதை மறுபடி மீன்டும் என்றே எழுதினான். வண்டு இரண்டு தடவை தப்பியிருந்ததால் ஆக மொத்தம் மூன்று அரை, 10½. நோட்டில் 8, 9, 10½ என்று மூன்றையும் எழுதுவேன். சரியாக எழுதிய பிள்ளையை விடத் தப்பு செய்த பிள்ளை அதிகம் வாங்க முடியாது, அதனால் வேண்டுமென்றே தப்பு செய்து பார்ப்பதும் இல்லை.

கோட்டுக்கு மூன்று என்று எல்லை வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் வாரம் எல்லை சொல்லாமல் விட்டேன், ஒரு பிள்ளை 17 சொல்லுக்கும் கோடு போட்டுவிட்டது.

உங்கள் வகுப்பில், வீட்டில் எப்படி நடந்தது? சொல்லுங்கள்.

டியூஷன் அண்ணா

டீச்சர், இவ்வளவு சிரமமே வேண்டாம். ட வந்தால் அதற்கு முன்னால் மூணு சுழி ண, ற வந்தால் ரெண்டு சுழி ன, த வந்தால் ந. இதை ஒரு நாளில் பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்துவிட்டால் ண ன குழப்பமே தீர்ந்துவிடும். என் டியூஷனில் அப்படித்தான்.

இன்னொன்று, நான் சொல்லும்போது ண்-ஐ நன்றாக நாக்கை மடக்கி அழுத்திச் சொல்வேன். எல்லோரும் சரியாக எழுதுவார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி சொல்வதில் பாதி சரி. எங்கள் காலத்தில் ண-வுக்கு டண்ணகரம், ன-வுக்கு றன்னகரம், ந-வுக்குத் தந்நகரம் என்றே பெயர் சொல்லித் தருவார்கள். எந்த எழுத்துக்கு முன்னால் வரும் என்பது பெயரிலேயே இருக்கிறது. மூணு சுழி, ரெண்டு சுழி என்று சொல்லும்போது எழுத்தின் வடிவம் மட்டும்தான் மனதில் நிற்கிறது, இடம் நிற்பதில்லை.

ஆனால் அதோடு குழப்பம் தீராது. நண்பன், அன்பு இரண்டிலும் அடுத்து வருவது ப தான். ஒன்றில் ண், ஒன்றில் ன். கண்கள், மீன்கள் பாருங்கள், இரண்டிலும் அடுத்தது க. இதற்கெல்லாம் சொல்லைப் பழகித்தான் ஆக வேண்டும். ஆகவே டீச்சர் ண்ட, ன்ற பத்தியில் நண்பன், அன்பு வராமல் பார்த்துக்கொண்டது நல்லது. விதி வேலை செய்யும் இடத்தில் விதி நன்றாகப் பதியட்டும்.

அழுத்திச் சொல்வதைப் பற்றி: பிள்ளை அப்போது உங்கள் வாயைப் பார்த்து எழுதுகிறது. நீங்கள் இல்லாத இடத்தில் என்ன எழுதுகிறது என்று பாருங்கள்.

டியூஷன் அண்ணா

ஐயா, நண்பன் எனக்குத் தோன்றவே இல்லை. வாய் விஷயம் உண்மையாக இருக்கலாம். டியூஷனில் சரியாக எழுதுகிற பிள்ளை பள்ளித் தேர்வில் "வன்டி" என்று எழுதிவிட்டு வருகிறது, நான் பதற்றம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

எங்கள் மகளுக்கு டிக்டேஷன் என்றாலே வியாழக்கிழமை இரவு வயிற்றுவலி. வாரத்துக்கு 20 ஆங்கில வார்த்தை கொடுக்கிறார்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. rain, because, knife எல்லாம் ஒரே பட்டியலில். இந்தக் கோடு போடும் முறை அதற்கும் சரிவருமா? பள்ளியில் கேட்டால் இப்படித்தான் என்கிறார்கள்.

கரிசல் டீச்சர்

நான் தமிழைத்தான் சொன்னேன் அக்கா, ஆங்கிலத்தில் எனக்கு அந்த அளவு அனுபவம் இல்லை. ஆனால் பட்டியலை வீட்டில் நீங்களே பிரித்துக்கொள்ளலாம். rain மாதிரி ai வருகிறவை ஒரு நாள், knife மாதிரி சத்தமில்லாத k வருகிறவை இன்னொரு நாள். because தனியாக நிற்கும், அதைத் தனியாகத்தான் பழக வேண்டும். கோடு போடுவதை வீட்டில் செய்து பாருங்கள், மதிப்பெண் எதுவும் வேண்டாம். எந்த வார்த்தை சந்தேகம் என்று சொல்லத் தெரிந்தாலே அந்த ஒன்றை மட்டும் படித்தால் போதும் என்று ஆகும், 20-ம் படிக்க வேண்டியதில்லை.

யாழ் ஆசிரியை

வணக்கம் ரீச்சர். நான் தரம் 3 படிப்பிக்கிறன். உங்கட வரிசை எங்களுக்கு அப்படியே பொருந்தாது. எங்கட பிள்ளையள் காற்று, வெற்றி எண்டு சொல்லேக்க ற்ற தனிச் சத்தமாகவே கேட்கும், அதால அதை ட்ட ஆக்கி எழுதுறது குறைவு. நீங்கள் கடைசிக்குத் தள்ளின ல ள ழ தான் எங்களுக்கு முதல் தலையிடி, வாழைப்பழம் வாளைப்பளம் ஆகிவிடும், வீட்டில ழ-வை ள மாதிரித்தானே கதைக்கிறது. அதனால பிள்ளையள் கதைக்கிற மாதிரியைக் கேட்டுத்தான் வரிசை போடவேணும் எண்டு நினைக்கிறன்.

கரிசல் டீச்சர்

எங்கள் பக்கமும் பேச்சில் ழ போய்விடுகிறது. ஆனால் எங்களுக்கு ன்ற-தான் பெரிய பாடு, ஏனென்றால் வீட்டில் ஒண்ணு, கன்னுக்குட்டி, மூணு. வகுப்பில் நான் "ஒன்று" என்று வாசிக்கும்போது அது பிள்ளையின் காதில் "ஒன்ட்ரு" மாதிரி விழுகிறது. அதனால் "ஒன்ரு" என்று எழுதுவது காதால் கேட்டதை நேர்மையாக எழுதியது. "ஒண்ணு" என்று எழுதுகிற பிள்ளை கேட்டதை எழுதவில்லை, தனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறது. இரண்டையும் ஒரே சிவப்புச் சுழிப்பில் போட்டுவிடக் கூடாது. முதல் பிள்ளைக்கு றன்னகரம் சொன்னால் போதும், இரண்டாவது பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்ட வேண்டும்.

வேலூர் அப்பா

டீச்சர், தப்பாக நினைக்க வேண்டாம். 12-க்கு 8 வாங்கினால் 8 தான். 10½ என்று வீட்டுக்கு வந்தால் நான் என் பையன் நன்றாகத்தான் எழுதுகிறான் என்று விட்டுவிடுவேன். நாலாம் வகுப்பில் வேறு டீச்சர் வந்து 8 என்று போட்டால் அன்றைக்கு அவன்தான் உடைந்து போவான்.

கரிசல் டீச்சர்

அதனால்தான் மூன்றையும் எழுதுகிறேன் சார், 8-ஐ மறைப்பதில்லை. அந்தப் பையனின் நாலு தப்பைப் பாருங்கள். வன்டு, வன்டு, மீன்டும் மூன்றும் ஒரே தப்பு, ட-வுக்கு முன்னால் ண் என்பது இன்னும் வரவில்லை. கன்ரின் வேறு, கன்று என்று இரண்டு தடவை சரியாக எழுதியவன் அங்கே மட்டும் வழுக்கினான், தானே கண்டுபிடிக்கவும் செய்தான். 8 என்ற எண் மட்டும் இருந்தால் இது தெரியாது.

வளர்ந்திருக்கிறானா என்று பார்க்க நான் சொல்லித்தராத சொல்லைத்தான் நம்புகிறேன். மூன்று வாரம் கழித்து வேறு பத்தியில் "தொண்டை" வைத்தேன், கோடு கூட போடாமல் சரியாக எழுதினான். "மீண்டும்" மட்டும் இன்னும் ஊசலாடுகிறது.

இன்னொரு அம்மா

என் மகன் எழுத்தெல்லாம் சரியாகப் போடுகிறான், புள்ளியை மட்டும் விட்டுவிடுகிறான். வநதது, வணடு. வேகமாக எழுதிவிட்டு எழுந்துவிடுவான். உங்கள் கணக்கில் இது தப்பா, தப்பில்லையா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

புள்ளி இல்லாவிட்டால் அது வேறு எழுத்து. தப்புதான்.

கரிசல் டீச்சர்

ஐயா சொல்வது எழுத்தின்படி சரி. ஆனால் "வணடு" எழுதிய பிள்ளை மூணு சுழி ண வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டது, "வன்டு" எழுதிய பிள்ளை கண்டுபிடிக்கவில்லை. ண்ட பத்தியில் நான் முதல் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்துவிடுவேன். அந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் பையனைக் கோடு போடச் சொல்ல வேண்டாம் அக்கா, "புள்ளியை மட்டும் பார்" என்று ஒரே வேலை கொடுங்கள். என் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்கிறேன். ஒருத்திக்குப் பிடித்துக்கொண்டது, இன்னொருவன் புள்ளி வேண்டாத இடத்திலும் வைக்க ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு என்ன செய்வது என்று யாராவது சொன்னால் நல்லது.

யாழ் ஆசிரியை

அவனை ஒருக்கா தான் எழுதினதை எழுதின மாதிரியே சத்தமாக வாசிக்க விட்டுப் பாருங்கோ ரீச்சர். வேண்டாத இடத்தில புள்ளி வைச்ச "வந்த்து"வை அவனே "வ-ந்-த்-து" எண்டு வாசிக்கேக்க நிண்டிடுவான். என்ர வகுப்பில ஒரு பிள்ளைக்கு அது சரிவந்தது. மற்றப் பிள்ளை எழுதினதை வாசிக்காமல் நினைச்சதை வாசிச்சிட்டுது, அவளோட இன்னும் நிக்கிறன்.