வீட்டு ஓனருக்கு ஒரு கடிதம், பார்த்துச் சொல்லுங்கள்

லண்டனில் வாடகை வீட்டில் இருக்கிறேன். முடக்குவாதம், காலையில் விரல் மடங்காது, குளியல் தொட்டியிலிருந்து எழ இத்தனை நாள் டவல் கம்பியைத்தான் பிடித்தேன், போன வாரம் அது ஸ்க்ரூவோடு கையில் வந்துவிட்டது.

கவுன்சிலிலிருந்து வந்து பார்த்தவர் தொட்டியருகே ஒன்று, கழிப்பறையில் ஒன்று என இரண்டு பிடிமானக் கம்பி போடச் சொன்னார். இங்கிலாந்தில் தேவை உறுதியானால் 1000 பவுண்டுக்குள் அடங்கும் இந்த மாதிரி வேலைக்குக் கவுன்சில் காசு வாங்காது. ஆனால் ஓனர் சம்மதம் வேண்டும். அவருக்கோ டைல்ஸ்தான் உயிர்!

இப்படி எழுதியிருக்கிறேன்: "ஐயா, குளியலறையில் இரண்டு பிடிமானக் கம்பி பொருத்த அனுமதி வேண்டுகிறேன். உங்களுக்குச் செலவில்லை. கம்பி வரும் இடத்தைப் படத்தில் குறித்திருக்கிறேன். காலி செய்யும்போது கழற்றி, ஓட்டைகளை அடைத்து, உடைந்த டைல்ஸை என் செலவில் மாற்றித் தருகிறேன். சம்மதத்தை எழுத்தில் தாருங்கள்."

இரண்டு சந்தேகம். 2010 சமத்துவச் சட்டத்தை இப்போதே குறிப்பிடலாமா, மறுத்தால் பார்த்துக்கொள்ளலாமா? எடுத்ததும் சட்டம் பேசினால் முறைத்துக்கொள்வாரோ என்று இருக்கிறது. அப்புறம், தொட்டிப் பக்கச் சுவரைத் தட்டினால் உள்ளே காலியாகச் சத்தம் வருகிறது, பிளாஸ்டர் பலகை போல. கம்பி நிற்க உள்ளே மரச்சட்டம் வைக்க வேண்டியிருந்தால் சுவரைத் திறக்கணும், அதையும் கடிதத்தில் சொல்லிவிடணுமா?