அம்மாவின் கைப்பேசியில் அழித்தும் திரும்பி வந்த 1.3 ஜிபி

வைகைக்கரை

சென்ற வாரம் மதுரைக்குப் போயிருந்தபோது, படம் எடுக்கப் போனாலே இடமில்லை என்று கைப்பேசி சொல்வதாக அம்மா வருத்தப்பட்டார். 2015-இல் வாங்கிய, 16 ஜிபி கொள்ளளவும் ஆண்ட்ராய்டு 5.1-உம் உள்ள கைப்பேசி அது. பேரப்பிள்ளைகளின் படங்களை அழித்துத்தான் இடம் உண்டாக்க வேண்டும் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு படத்தைக்கூட அழிக்காமல் என்ன செய்ய முடிந்தது என்பதையும், எனக்குப் புரியாமல் போன ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கோப்பு மேலாளரைத் திறந்து `Download` கோப்புறையைப் பார்த்தேன். அங்கே செயலிகளை நிறுவுவதற்கான ஏபிகே கோப்புகள் 23 கிடந்தன. மொத்தம் 870 எம்பி. விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் இறக்கிய ஒரு விளையாட்டு மட்டும் மூன்று முறை இருந்தது. பெயரின் முடிவில் `(1)`, `(2)` என்று எண் சேர்ந்திருந்ததால் அது ஒரே கோப்பு என்பது தெரிந்தது. பிரௌசரில் இறக்கி நிறுவும்போது, கைப்பேசி அந்தக் கோப்பிலிருந்து தனக்கென ஒரு பிரதியை `/data/app` என்னும், நம் கண்ணில் படாத இடத்தில் வைத்துக்கொள்கிறது. நாம் இறக்கிய மூலக்கோப்பு அப்படியே தங்கிவிடுகிறது. பிளே ஸ்டோர் வழியாக நிறுவியவற்றுக்கு இப்படி மிச்சம் தங்குவதில்லை. நிறுவப்பட்ட செயலிகள் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு 23 கோப்புகளையும் அழித்தேன். அத்தனை இடமும் உடனே திரும்பக் கிடைத்தது.

அடுத்து, கோப்பு மேலாளரின் அமைப்புகளில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை இயக்கினேன். பெயர் புள்ளியில் தொடங்கினால் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இது தேவை. `DCIM` கோப்புறைக்குள் `.thumbnails` என்ற கோப்புறையும், அதனுள் `.thumbdata3--1967290299` என்ற ஒற்றைக் கோப்பும் இருந்தன. அந்தக் கோப்பின் அளவு மட்டும் 1.3 ஜிபி. அழித்தேன். ஆனால் காலியிடம் ஏறத்தாழ 300 எம்பிதான் கூடியது. மறுநாள் காலையில் அம்மா கேலரியைத் திறந்து பார்த்த பிறகு, அதே கோப்பு அதே 1.3 ஜிபி அளவில் மீண்டும் அங்கே இருந்தது. ஓர் இரவில் 1.3 ஜிபி எப்படி நிரம்பும்? இதே நிலையைச் சந்தித்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

செந்தூரான்

எனக்கும் இதே தொல்லை இருந்தது. நான் அதை ஒரேயடியாகத் தீர்த்துவிட்டேன். `.thumbnails` கோப்புறையை அழித்துவிட்டு, அதே பெயரில் வெறுமையான ஒரு கோப்பை அதே இடத்தில் உருவாக்கிவிட வேண்டும். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருப்பதால் கைப்பேசியால் அங்கே கோப்புறையை உருவாக்க முடியாது. இரண்டு ஆண்டுகளாக அது திரும்பி வரவில்லை.

பழுதுக்கடை

இருபது ஆண்டுகளாகக் கைப்பேசிகளைப் பழுது பார்த்து வருகிறேன். இந்தக் கோப்பை எத்தனையோ பேருடைய கைப்பேசியில் பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரை ஐயா, அந்தக் கோப்பு ஓர் இரவில் நிரம்பவில்லை. கைப்பேசியில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் பாட்டுக்கும் காணொளிக்கும் ஆண்ட்ராய்டு ஒரு வரிசை எண் கொடுத்து வைத்திருக்கிறது. இந்தப் பழைய பதிப்பில், கேலரியில் விரைவாகக் காட்டுவதற்காகச் சுருக்கி வைக்கும் சிறுபடங்கள் எல்லாம் ஒரே கோப்புக்குள் அறை அறையாக அடுக்கப்படுகின்றன. ஓர் அறைக்கு 10,000 பைட்டு. வரிசை எண் எதுவோ அந்த எண்ணுள்ள அறையில்தான் அந்தப் படத்தின் சிறுபடம் போய் உட்கார வேண்டும். படத்தை நாம் அழித்தாலும் அதன் எண் வேறு படத்துக்கு வருவதில்லை. எண்கள் ஏறிக்கொண்டே போகும். நாள்தோறும் வரும் காலை வணக்கப் படங்களை உங்கள் அம்மா அழித்துக்கொண்டே இருந்தாலும், ஒவ்வொன்றும் ஓர் எண்ணைத் தின்றுவிட்டுத்தான் போயிருக்கும்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1.3 ஜிபியை 10,000-ஆல் வகுத்தால் 1,30,000 வருகிறது. அதாவது அந்தக் கைப்பேசியில் எண்கள் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்தை எட்டிவிட்டன. நீங்கள் கோப்பை அழித்த பிறகு அம்மா எடுத்த முதல் புதிய படத்துக்கு 1,30,001 என்ற எண் கிடைத்திருந்தால், அதன் சிறுபடம் 1,30,001-ஆம் அறையில் எழுதப்படும். முன்னால் உள்ள அத்தனை அறைகளும் வெறுமையாக இருந்தாலும் கோப்பின் நீளம் அந்த நொடியே 1.3 ஜிபி என்று ஆகிவிடும். ஆனால் கைப்பேசியின் உள் நினைவகத்தில் எழுதப்படாத அறைகள் பெரும்பாலும் இடத்தைப் பிடிப்பதில்லை. நீங்கள் அழித்தபோது 300 எம்பிதான் கூடியது என்பதற்குக் காரணமும் இதுவே. ஆகவே கோப்பின் அளவைப் பார்த்துப் பதற வேண்டாம். அழிப்பதற்கு முன்னும் பின்னும் அமைப்புகளில் காலியிடம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு பாருங்கள். மெமரி கார்டில் அந்தக் கோப்பு இருந்தால் கதை வேறு. கார்டுகள் பொதுவாக வடிவமைக்கப்படும் முறையில் வெற்று அறையும் முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

எண்களை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வைக்க வேண்டுமானால், செயலிகள் பட்டியலில் சிஸ்டம் செயலிகளையும் காட்டச் செய்து, அதில் `Media Storage` என்பதன் தரவை அழித்துவிட்டு, அந்தச் சிறுபடக் கோப்பையும் நீக்கி, கைப்பேசியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். படங்கள் எதுவும் போகாது. கைப்பேசி எல்லாக் கோப்புகளையும் மறுபடி எண்ணிப் பார்க்கும் வரை கேலரி வெறுமையாகத் தெரியும். அந்த நேரத்தில் வீட்டார் பயந்துவிடாமல் முன்பே சொல்லிவிடுங்கள். நாம் வைத்த ரிங்டோன் மாறிப்போகவும், பாட்டுப் பட்டியல்கள் காணாமல் போகவும் வாய்ப்பு உண்டு.

செந்தூரான் தம்பி சொன்ன வழி கோப்பைத் தடுப்பது உண்மைதான். ஆனால் சிறுபடத்தைச் சேமிக்க முடியாத கைப்பேசி, கேலரியைத் திறக்கும்போதெல்லாம் ஒவ்வொரு பெரிய படத்தையும் முழுதாகப் படித்துப் புதிதாகச் சுருக்க வேண்டியிருக்கும். பழைய கைப்பேசியில் அது கேலரியை மந்தமாக்கும், பேட்டரியையும் தின்னும்.

செந்தூரான்

என் கேலரி மந்தமாகவில்லை. நான் பயன்படுத்தும் கேலரிச் செயலி தனக்கென்று தனியாகச் சிறுபடங்களை வைத்துக்கொள்கிறது என்று எண்ணுகிறேன். ஆனால் கேலரியின் கேச் 400 எம்பிக்கு மேல் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.

பழுதுக்கடை

அப்படியானால் இடம் மிச்சமாகவில்லை. வேறு அறைக்கு மாறியிருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை

இந்த உரையாடலைப் படித்தபோது எனக்கு வேறொரு நினைவு வந்தது. தலைப்புக்குப் பொருந்தாவிட்டால் பொறுத்துக்கொள்ளவும். என் பேத்தியின் முதல் பிறந்தநாள் படங்களை நானே தவறுதலாக அழித்துவிட்டேன். என்னுடையது ஆண்ட்ராய்டு 12. மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்து `Pictures` கோப்புறைக்குள் `.thumbnails` என்பதைத் திறந்தால், வெறும் எண்களையே பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் அந்தப் பிறந்தநாள் படங்கள் நான்கைந்தைக் கண்டேன். இவற்றிலிருந்து மூலப் படங்களைப் பெற முடியுமா?

பழுதுக்கடை

அம்மா, சிறுபடத்திலிருந்து மூலப்படத்தைத் திரும்பச் செய்ய முடியாது. அவை மூலத்தை விட மிகச் சிறிய அளவில் சுருக்கப்பட்டவை. கைப்பேசித் திரையில் சுமாராகத் தெரியும், அச்சிட்டால் கலங்கும். ஆனாலும் இருப்பதை விட வேண்டாம். அந்த நான்கைந்தையும் இப்போதே வேறொரு கோப்புறைக்குப் பிரதி எடுத்துவிடுங்கள். மூலம் இல்லாத சிறுபடங்களைப் புதிய ஆண்ட்ராய்டு ஓய்வு நேரத்தில் தானாகவே துப்புரவு செய்துவிடும். முதலில் கேலரியிலும் கோப்பு மேலாளரிலும் உள்ள குப்பைக்கூடையைப் பாருங்கள். அழித்து 30 நாள் ஆகவில்லையென்றால் மூலமே அங்கே இருக்கலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை

குப்பைக்கூடையில் இல்லை. சிறுபடங்களைப் பிரதி எடுத்துக்கொண்டேன். மிக்க நன்றி.

கார்த்திகைப்பூ

குப்பைக்கூடை என்றதும் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு 13 உள்ள என் கைப்பேசியில் 2 ஜிபி அளவுக்கு ஏபிகே கோப்புகளை அழித்தேன். காலியிடம் ஒரு எம்பிகூடக் கூடவில்லை. மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்து பார்த்தபோது, அழித்த ஒவ்வொன்றும் அதே `Download` கோப்புறைக்குள் பெயர் மாறி உட்கார்ந்திருந்தது. பெயரின் முன்னால் `.trashed-` என்றும் ஒரு நீண்ட எண்ணும் சேர்ந்திருந்தன. கோப்பு மேலாளரின் குப்பைக்கூடையைக் காலி செய்த பிறகுதான் இடம் கிடைத்தது.

நெல்லைச்சீமை

என் மாமாவின் கைப்பேசியை இதே போலத் துப்புரவு செய்தபோது கண்டதைச் சொல்கிறேன். `Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Documents` என்ற இடத்தில், போக்குவரத்து அபராதச் சீட்டு என்று பெயர் சூட்டிய ஓர் ஏபிகே கோப்பு இருந்தது. மாமாவிடம் வண்டியே கிடையாது. கோப்பை அழித்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று நான் நினைத்தேன், அது சரிதானா?

பழுதுக்கடை

கோப்பு நிறுவப்படாமல் கிடந்தது என்றால் அழித்ததே போதும். ஒருமுறையேனும் நிறுவப்பட்டிருந்தால், கோப்பை அழிப்பதால் அந்தச் செயலி போகாது. வைகைக்கரை ஐயா சொன்னபடி அது தன் பிரதியை வேறிடத்தில் வைத்துக்கொண்டிருக்கும். இத்தகைய செயலிகள் முகப்புத் திரையில் சின்னத்தைக் காட்டாமலும் இருக்கும். எனவே அமைப்புகளில் உள்ள முழுச் செயலிப் பட்டியலை வரிவரியாகப் பாருங்கள். அறியாத செயலிகளை நிறுவும் அனுமதி வாட்ஸ்அப்புக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், மாமா ஒருமுறையாவது நிறுவ முயன்றிருக்கிறார் என்று கொள்ளலாம். அந்த அனுமதியை உடனே எடுத்துவிடுங்கள். குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி எந்தச் செயலிகளுக்கு இருக்கிறது என்பதையும் பாருங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

நெல்லைச்சீமை

அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது. செயலிப் பட்டியலில் பெயரே இல்லாமல் ஒன்று இருக்கிறது. இப்போதே மாமாவை வங்கிக்கு அழைத்துப் போகிறேன்.

வைகைக்கரை

பழுதுக்கடை ஐயா சொன்னபடி நேற்று இரவு `Media Storage` தரவை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். ஏறத்தாழ இருபது நிமிடம் கேலரி வெறுமையாக இருந்தது. பிறகு எல்லாப் படங்களும் வந்துவிட்டன. இன்று காலை `.thumbdata3--1967290299` கோப்பின் அளவு 58 எம்பி. அம்மாவின் ரிங்டோன் மாறிவிட்டது. அதைத் திரும்ப வைத்துக் கொடுத்தேன். ஆனால் ஏபிகே கோப்புகளில் ஒன்றை அழித்திருக்கக் கூடாது என்று இப்போது படுகிறது. அம்மா பயன்படுத்தும் ஒரு பஞ்சாங்கச் செயலியின் புதிய பதிப்பு ஆண்ட்ராய்டு 5.1-இல் நிறுவ முடியாதது. அந்தச் செயலி எப்போதாவது கெட்டுப்போனால், பழைய பதிப்பை மறுபடி எங்கே தேடுவது என்று தெரியவில்லை. நிறுவப்பட்டிருக்கும் செயலியிலிருந்தே ஏபிகே கோப்பை எடுத்து வைக்க, கோப்பு மேலாளர்கள் சிலவற்றில் வசதி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். 5.1-இல் அதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.