பலகை ஒன்றே என்றால் நான்கு யுபிஎஸ் எதற்கு?

வரைபடக்காரன்:
1,200 கிலோவாட் சுமை கொண்ட தரவு மையத்துக்கு மின்வழி வரைந்துகொண்டிருக்கிறோம். 400 கிலோவாட் யுபிஎஸ் மூன்று இருந்தால் சுமைக்குப் போதும்; அந்த மூன்றுதான் N. உபரியாக ஒன்று சேர்த்து நான்கை இணையாக வைத்து N+1 ஆக்குவதா, மூன்று மூன்றாக இரண்டு தனிப் பாதைகள் வைத்து 2N ஆக்குவதா? எந்தப் பழுதில் எது விழும் என்பதைக் கணக்கோடு விளக்க முடியுமா?

கணக்குப்பிள்ளை:
ஒரு யுபிஎஸ் எந்த நேரத்திலும் பழுதாகிக் கிடக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். N+1 அமைப்பு விழ வேண்டுமானால் நான்கில் இரண்டு ஒரே நேரத்தில் கெட வேண்டும். அப்படி ஆறு இணைகள் உண்டு. ஆகவே வாய்ப்பு பத்து லட்சத்தில் 6. 2N அமைப்பில் ஒரு பக்கம் நிற்க அதன் மூன்று யுபிஎஸ்ஸும் ஓட வேண்டும் என்பதால், அந்தப் பக்கம் விழும் வாய்ப்பு ஆயிரத்தில் 3. இரு பக்கமும் சேர்ந்து விழுவது பத்து லட்சத்தில் 9. நான்கு இயந்திரம் வைத்த அமைப்பு ஆறு வைத்ததை வென்றுவிடுகிறது. இன்னும் இரண்டு யுபிஎஸ்ஸுக்கும் அவற்றின் பேட்டரிகளுக்கும் ஏன் பணம் கொட்ட வேண்டும் என்பது எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

மின்தடம்:
பெருக்கல் சரி, ஆனால் படத்தில் பாதியைக் காணோம். N+1 அமைப்பில் நான்கு யுபிஎஸ்களின் வெளியீடும் ஒரே மின்பகிர்வுப் பலகையில் வந்து கூடுகின்றன. அந்தப் பலகையில் மின்சாரத்தைச் சுமக்கும் தடித்த உலோகப் பட்டையான பஸ்பாரில் குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ, முதன்மை பிரேக்கர் காரணமின்றித் திறந்துகொண்டாலோ, பின்னால் நான்கு யுபிஎஸ் இருந்தாலும் நாற்பது இருந்தாலும் சர்வருக்கு மின்சாரம் போகாது. அந்தப் பலகை கெட்டுக் கிடக்கும் வாய்ப்பை யுபிஎஸ்ஸினுடையதில் பத்தில் ஒரு பங்காக, அதாவது பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைத்தே வையுங்கள். N+1 இப்போது பத்து லட்சத்தில் 106 ஆகிவிடுகிறது; அதில் 100 பலகையினுடையது. 2N அமைப்பில் ஒவ்வொரு பக்கமும் தன் பலகையையும் சேர்த்து ஆயிரத்தில் 3.1, இரண்டும் சேர்ந்து விழுவது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 9.6. பதினோரு மடங்கு வேறுபாடு. இந்த எண்கள் நாம் வைத்துக்கொண்டவைதாம், ஆனால் பலகையின் எண்ணை எவ்வளவு மாற்றினாலும் அது N+1 கணக்கில் கூட்டலாகவும் 2N கணக்கில் பெருக்கலாகவும் நுழைவதை மாற்ற முடியாது.

பராமரிப்பையும் நினைத்துப் பாருங்கள். பஸ்பார் இணைப்புகளின் போல்ட்டுகளை முறுக்கிப் பார்க்கவும் பிரேக்கரைக் கழற்றிச் சோதிக்கவும் பலகையை மின்சாரமின்றி ஆக்கியாக வேண்டும். N+1 மையத்தில் சுற்றுவழி ஒன்று வைத்தாலும், சுமை கடைசியாகத் தொங்கும் பலகை ஒன்று மிஞ்சவே செய்யும். ஆகையால் அந்த வேலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும்.

கணக்குப்பிள்ளை:
பலகையை விட்டது என் தவறுதான். ஆனால் தாங்கள் ஒரு பக்கத்தைப் பராமரிப்புக்கு நிறுத்தும் அந்த எட்டு மணி நேரம், சுமை முழுவதும் உபரி எதுவும் இல்லாத மூன்று யுபிஎஸ் மீது நிற்கிறதே? அந்த நேரத்தில் தங்கள் 2N என்பது வெறும் N.

மின்தடம்:
ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சிலர் ஒவ்வொரு பக்கத்தையும் N+1 ஆக வைக்கிறார்கள். எட்டு யுபிஎஸ் ஆகிவிடும். நான் அந்த அளவுக்குப் போகச் சொல்ல மாட்டேன்.

ஊர்க்காரன்:
இரண்டு பாதைக்கும் மின்சாரம் ஒரே துணைமின் நிலையத்திலிருந்துதானே வரப்போகிறது? அது போனால் இரண்டும் போய்விடும். இதை 2N என்று அழைப்பதே தவறு.

மின்தடம்:
நண்பரே, வெளி மின்சாரம் போகும் என்று எடுத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கே தொடங்குகிறது. தரவு மையங்களைத் தரம் பிரிக்கும் அப்டைம் இன்ஸ்டிட்யூட்டின் அடுக்கு வரையறையும் வளாகத்துக்குள் இருக்கும் ஜெனரேட்டரைத்தான் நம்பகமான மூலமாகக் கொள்கிறது. ஜெனரேட்டர்களும் அவற்றின் எரிபொருள் குழாயும் இரண்டாகப் பிரிந்திருக்கின்றனவா என்று கேட்டிருந்தால் அது சரியான கேள்வியாக இருந்திருக்கும்.

இரவுப்பணி:
நான் முன்பு வேலை பார்த்த இடம் முழுமையான 2N. ஆனாலும் விழுந்தது. திட்டமிட்ட பராமரிப்புக்காக ஒரு மாலையில் ஏ, பி என்ற இரு பக்கங்களில் ஏ பக்கத்தை நிறுத்தினோம். எதுவும் அணையவில்லை என்று மகிழ்ந்து தேநீர் குடிக்கப் போனோம். சில நிமிடங்களில் ரேக்குகள் ஒவ்வொன்றாக இருண்டன. காரணம் எளியது. ஒவ்வொரு ரேக்கிலும் சர்வர்களைச் செருகும் ஏ மின்பட்டையில் 24 ஆம்பியர், பி மின்பட்டையில் 24 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் 32 ஆம்பியர் பிரேக்கர். தனித்தனியாகப் பார்த்தபோது இரண்டும் பச்சையாகவே தெரிந்தன. ஏ போனதும் பி பக்கம் 48 ஆம்பியரைச் சுமந்தது. ஒன்றரை மடங்குச் சுமைக்கு அந்த பிரேக்கர் உடனே விழாது. உள்ளே உள்ள தகடு சூடேறி வளைந்த பிறகே விழும். அதனால்தான் முதல் சில நிமிடங்கள் ஏமாந்தோம். அதன்பின் கண்காணிப்புத் திரையில் இரு பக்க ஆம்பியரையும் ஒவ்வொரு ஃபேஸுக்கும் கூட்டிக் காட்டும்படி மாற்றினோம். கூட்டுத்தொகை 25ஐத் தாண்டினால் புதிய சர்வரை அந்த ரேக்கில் ஏற்ற விடுவதில்லை.

மின்தடம்:
இதே சரிபார்ப்பை யுபிஎஸ் மட்டத்திலும் செய்ய வேண்டும். இரு பக்கமும் 60 விழுக்காட்டில் ஓடினால் அது 2N அல்ல, ஒன்றையொன்று இழுத்து விழும் இரண்டு N.

கணக்குப்பிள்ளை:
இரு தரப்புக்கும் சங்கடமான ஒன்றைச் சொல்கிறேன். 2007 ஜூலை 24 அன்று சான் பிரான்சிஸ்கோவின் 365 மெயின் தரவு மையத்தில் பத்து டீசல் எந்திரங்கள் இருந்தன. எட்டு ஓடினால் போதும். வெளி மின்சாரம் அடுத்தடுத்துப் பலமுறை துடித்தபோது மூன்று எந்திரங்கள் கைவிட்டன. உபரி இரண்டு இருந்தும் போதவில்லை. காரணம் எந்திரங்களின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி: அதன் நினைவகம் சரியாகத் துடைக்கப்படாமல் பழைய தரவு தங்கியிருந்ததால், மீண்டும் கிளம்பச் சொன்னபோது எந்திரம் தடுமாறியது. மூன்றும் தற்செயலாக ஒரே நாளில் கெடவில்லை. ஒரே குறை மூன்றிலும் இருந்தது. நம் கணக்குகள் எல்லாம் பழுதுகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று வைத்துக்கொண்டவை. யுபிஎஸ் பழுதுகளில் இருபதில் ஒன்று எல்லா இயந்திரங்களையும் சேர்த்து வீழ்த்தும் வகை என்று கொண்டால், பத்து லட்சத்தில் 50 இரண்டு அமைப்புக்கும் கூடுகிறது. N+1 156, 2N ஏறத்தாழ 60. பதினோரு மடங்கு என்றது இரண்டரை மடங்கு சொச்சமாகிவிட்டது.

மின்தடம்:
நல்ல கணக்கு, மறுக்க மாட்டேன். அந்த 50ஐக் குறைக்க N+1 அமைப்பில் வழி மிகக் குறைவு, ஏனெனில் இணையாக ஓடும் யுபிஎஸ்கள் தமக்குள் பேசிச் சுமையைப் பகிர வேண்டும் என்பதால் ஒரே தயாரிப்பாகவும் ஒரே மென்பொருள் பதிப்பாகவும் இருந்தாக வேண்டும். 2N அமைப்பில் இரு பக்கமும் பேசிக்கொள்ளத் தேவையில்லை. புதிய பதிப்பை ஏ பக்கத்தில் ஏற்றிச் சில வாரம் ஓடவிட்டுப் பிறகு பி பக்கத்தில் ஏற்றலாம், வேறு நிறுவனத்தின் யுபிஎஸ்ஸைக் கூட வைக்கலாம்.

இரவுப்பணி:
இரண்டு நிறுவனங்கள் வேண்டாம், ஐயா. நள்ளிரவில் பைபாஸுக்கு மாற்ற ஒரு பக்கத்தின் பிரேக்கர்களைத் திறக்கும் வரிசை நினைவில் இருக்க, மறுபக்கத்தில் நிற்பவன் தவறான பிரேக்கரைத் திறப்பான். நான் பார்த்திருக்கிறேன்.

மின்தடம்:
முந்தைய பிரேக்கரிலிருந்து சாவி வந்தால்தான் அடுத்தது திறக்கும் பூட்டுச்சாவி முறை வைத்தால் வரிசை தவற முடியாது.

இரவுப்பணி:
சாவியின் நகலை மேசை இழுப்பறையில் வைத்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வரைபடக்காரன்:
அனைவருக்கும் நன்றி. எங்கள் சர்வர்களில் ஏறத்தாழ கால்பங்குக்கு ஒரே ஒரு பவர் சப்ளைதான் உண்டு என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மின்தடம்:
அப்படியானால் அவற்றுக்கு, ஒரு பக்கம் போனால் மறுபக்கத்துக்கு மாற்றிவிடும் மின்மாற்றுச் சுவிட்ச் வைப்பீர்கள். ஏ-யும் பி-யும் மீண்டும் ஒரே பெட்டியில் சந்திக்கும். ரேக்குக்கு ஒன்றாகச் சிறியதாக வையுங்கள், கூடம் முழுவதற்கும் ஒன்று வைத்தால் முதலில் சொன்ன அந்தப் பலகை வேறு பெயரில் திரும்பி வந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கால்பங்கை மட்டும் N+1 அமைப்பில் தொங்கவிட்டால் செலவு எவ்வளவு குறையும் என்று நாளை போட்டுப் பார்க்கிறேன்.